ஒன்பது பேர் உழைத்தது ஏழரை மணி நேரமா?

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் ஒன்பது பேர் ஏரிக்கரைக்குப் போகிறார்கள். காலை 6.30 மணிக்கு இறங்கி, வெயில் ஏறுவதற்குள் 10 மணிக்குக் கரையேறுகிறார்கள். ஆளுக்கு மூன்றரை மணி நேரம். மனக்கணக்காகப் போட்டாலே முப்பத்தொன்றரை மணி வருகிறது. ஆண்டறிக்கைக்காகச் செயலாளர் அதை எக்செலில் கூட்டும்போது திரையில் வருவதோ 7:30!

கூட்டலில் தப்பில்லை. அந்தக் கட்டம் கடிகாரம்போல வேலை செய்கிறது. 24 மணி நிறைந்ததும் அதை ஒரு நாளாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மட்டும் காட்டுகிறது. கட்டத்தின் வடிவமைப்பை `[h]:mm` என்று மாற்றினால் 31:30 தெரியும். அதைவிட, ஒவ்வொரு வரியிலும் நேரத்தைச் சாதாரண எண்ணாகவே மாற்றிவிடுவது வசதி. எக்செலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. அதனால் நேர வித்தியாசத்தை 24ஆல் பெருக்கி, கட்டத்துக்கு எண் வடிவம் கொடுத்தால் 3.5 என்று வரும்.

```
=(E2-D2)*24
```

இதற்குப் பதிவேட்டில் ஆறு பத்திகள் போதும்: A தேதி, B திட்டம், C பெயர், D தொடக்கம், E முடிவு, F மணி. ஓர் ஆள், ஒரு நாள், ஒரு திட்டம் என்றால் ஒரு வரி. ‘ஞாயிறு, ஏரி, 9 பேர்’ என்று ஒரே வரியில் எழுதுவது சுலபம்தான். ஆனால் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் யாராவது குழுவில் இருந்தால் சிக்கல். ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ததாகக் காட்டவேண்டிய அவர், தன் கணக்கைக் கேட்டால் அந்த வரியிலிருந்து எடுத்துக்கொடுக்க முடியாது.

அடுத்தது தொகுப்பு. அதே தாளில் H பத்தியில் திட்டங்களின் பெயர்கள், மேல் வரிசையில் I1 தொடங்கி ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதி. I2 கட்டத்தில் இந்தச் சூத்திரத்தை எழுதி, பக்கத்திலும் கீழேயும் இழுத்துவிட வேண்டும்:

```
=SUMIFS($F:$F,$B:$B,$H2,$A:$A,">="&I$1,$A:$A,"<"&EDATE(I$1,1))
```

நிதியாண்டின் முதல் மூன்று மாதங்களுக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

| திட்டம் | ஏப்ரல் | மே | ஜூன் | மொத்தம் |
|---|---|---|---|---|
| ஏரி | 54 | 31.5 | 62 | 147.5 |
| மாலை வகுப்பு | 40 | 4 | 40 | 84 |
| ரத்ததான முகாம் | 0 | 0 | 27 | 27 |
| மொத்தம் | 94 | 35.5 | 129 | 258.5 |

குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் 258.5தான். ஆனால் பதிவேட்டின் F பத்தியை நேராகக் கூட்டினால் 264.5 வருகிறது. ஆறு மணி நேரம் எங்கே போனது?

B பத்தியைப் பெயர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. ஜூனில் இரண்டு பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம் வேலை செய்தார்கள். அவர்களின் வரிகளில் ‘ஏரி’ என்பதற்குப் பதிலாக ‘ஏரிப் பணி’ என்று எழுதியிருக்கிறது. மனிதருக்கு இரண்டும் ஒன்று. சூத்திரத்துக்கு ‘ஏரிப் பணி’ என்று ஒரு திட்டமே கிடையாது. பெயரைத் திருத்தியதும் ஜூன் மாத ஏரிக் கணக்கு 68 ஆகிறது, மொத்தம் 264.5ஐத் தொடுகிறது. இனிமேல் இப்படி ஆகாமலிருக்க, B பத்தியில் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிடலாம்.

கணக்கு இப்போது நேராகிவிட்டதா என்றால், இல்லை. இந்தச் சரிபார்ப்புக்குச் சிக்காத பிழை ஒன்று அட்டவணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கோடை விடுமுறையில் மாலை வகுப்பே நடக்கவில்லை. பிறகு மே மாதத்தில் 4 மணி எப்படி?

ஜூன் 5 அன்று இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தார்கள். அதை 05/06 என்று பதிந்தவரின் கணினியோ மாதத்தை முதலில் வைக்கும் அமெரிக்க முறையில் இருந்தது. ஜூன் 5, மே 6 ஆகிவிட்டது. நேரம் தொலையவில்லை, மாதம்தான் மாறியது. அதனால் மொத்தம் கொஞ்சமும் அசையவில்லை. இதே கணினியில் 19/06 என்று அடித்திருந்தால் 19ஆம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். தொகுப்பிலும் சேராது. அப்போது மொத்தம் உதைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். 05/06 போன்றவற்றை வகுப்பு நடத்தியவர்தான் அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆள் கணக்கில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஏப்ரலில் 14, மேயில் 9, ஜூனில் 17 பேர் என்றால் ‘40 தொண்டர்கள்’ என்று அறிக்கையில் போட்டுவிடக் கூடாது. மூன்று மாதமும் வந்தவர் அதில் மூன்று முறை எண்ணப்பட்டிருப்பார். C பத்தியில் ஒரே பெயரை ஒருமுறை மட்டும் எண்ணிப் பார்த்தால் 21 பேர்தான் தேறலாம்.

திருத்தங்கள் முடிந்தபின் கடைசி வரிசை ஏப்ரல் 94, மே 31.5, ஜூன் 139 என்று நிற்கிறது. அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பையும் அச்சிடுகிறார்கள்: ‘வேலை செய்த நேரம் மட்டும், வந்துபோன பயண நேரம் சேர்க்கப்படவில்லை.’