வாடகை வீட்டு நஷ்டம் சம்பளத்தில் எவ்வளவு கழியும்?

கடன் வாங்கிக் கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டால், மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தாலும் வருமான வரிக் கணக்கில் அது நஷ்டமாகவே நிற்கும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ள வழி உண்டு. பலரும் நினைக்கிற அளவுக்கு அது தாராளமான வழி அல்ல.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐம்பத்தைந்து லட்சம் கடனில், சுமார் எட்டரை சதவீத வட்டியில், சென்னையில் ஒருவர் அடுக்குமாடி வீடு வாங்குகிறார். வாடகை மாதம் 20,000 ரூபாய், ஆண்டுக்கு 2,40,000. அவர் கட்டிய சொத்து வரி 10,000 போக மீதி 2,30,000. இதில் பராமரிப்புக்கென்று 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துத் தருகிறது. ஓர் ஆணிகூட அடிக்காதவருக்கும் இது உண்டு. ஊரைக் கூட்டிப் பெயின்ட் அடித்தவருக்கும் இதே அளவுதான். ஆக, 69,000 போய் 1,61,000 நிற்கிறது. வங்கிச் சான்றிதழின்படி அந்த ஆண்டு வட்டி 4,61,000. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டி முழுவதையும் கழிக்கலாம் என்பதால், நஷ்டம் சரியாக மூன்று லட்சம்.

2017 மார்ச் வரை இந்த மூன்று லட்சத்தையும் அப்படியே சம்பளத்தில் கழிக்க முடிந்தது. வரியை மிச்சப்படுத்தவே கடனில் இரண்டாவது வீடு வாங்கியவர்கள் உண்டு. 2017 பட்ஜெட் அதற்குக் கடிவாளம் போட்டது. வீட்டு நஷ்டத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் மட்டுமே சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழியும். எத்தனை வீடு இருந்தாலும் ஒருவருக்கு இந்த இரண்டு லட்சம்தான். ஆனால் வரம்பு ஆளுக்கு ஆள் தனி. இதே வீட்டைக் கணவனும் மனைவியும் சரிபாதியாக வாங்கி, கடனையும் சேர்ந்து எடுத்துக் கட்டிவந்தால், ஆளுக்கு ஒன்றரை லட்சம் நஷ்டம். இருவரும் சம்பளக்காரர்களாக இருந்தால் முழுவதும் கழிந்துவிடும். பத்திரம் பதியும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

நம் உதாரணத்தில் வீடு ஒருவர் பெயரில்தான். மிஞ்சிய ஒரு லட்சத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம் என்கிறது சட்டம். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் அதைப் பிந்தைய ஆண்டுகளில் வீட்டு வருமானத்தில் மட்டுமே கழிக்கலாம். சம்பளத்தைத் தொட முடியாது. வீட்டில்தான் ஆண்டுதோறும் நஷ்டமாயிற்றே! ஆண்டுக்கு ஐந்து சதவீதம் வாடகை ஏறுகிறது, இஎம்ஐ ஒழுங்காகப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்பதாம் ஆண்டிலும் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டமே நிற்கும். அதற்குள் முதலாண்டு மிச்சம் காலாவதியாகிவிடும். இடையில் கடனில் பெரும்பகுதியை அடைப்பவருக்குத்தான் இந்தச் சலுகை உண்மையில் பயன்படும்.

இவ்வளவும் பழைய வரி முறையில்தான். புதிய முறையில் வாடகை வீட்டின் வட்டியை வாடகை வருமானம் தீரும்வரை கழிக்கலாம். அதற்கு மேல் வரும் நஷ்டத்தில் ஒரு ரூபாய்கூடச் சம்பளத்தின் பக்கம் வராது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவே கிடையாது.

அதனால் பழைய முறைதான் லாபம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நம் ஆளுக்கு 2025-26 நிதியாண்டில் சம்பளம் பதினான்கரை லட்சம் என்று வைப்போம். பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, வீட்டு நஷ்டம் இரண்டு லட்சம், பிஎஃப்பும் கடனின் அசலும் சேர்ந்து ஒன்றரை லட்சம் போக, செஸ்ஸோடு வரி 1,32,600. புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு மட்டும்தான், வரியோ 89,700. வீட்டு நஷ்டத்தால் பழைய முறையில் 62,400 ரூபாய் மிச்சமானது உண்மை. அப்படியும் அது தோற்றுவிட்டது. வேறு பெரிய கழிவுகளும் இருப்பவருக்கே பழைய முறை கட்டும்.

மற்ற நஷ்டங்கள் இன்னும் கறார். வியாபார நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ ஆடித் தோற்றதும் அதில் அடங்கும். பங்கையோ மனையையோ விற்று வந்த நஷ்டம் மூலதன ஆதாயத்துக்கு வெளியே போகாது.

இனி நடைமுறை. அலுவலகத்தில் வாய் திறக்காமல் இருந்தால் புதிய முறை என்று வைத்தே சம்பளத்தில் வரி பிடிப்பார்கள். அதை ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31 கடைசி நாள். அது தாண்டினால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும், அதோடு அந்த ஆண்டின் இரண்டு லட்சமும் போகும். வங்கியின் வட்டிச் சான்றிதழையும் சொத்து வரி ரசீதையும் ஏப்ரலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஆடிட்டரிடம் போங்கள்.