மூன்றரை மணிக்கு முள்கள் எங்கே?

ஒரே அளவுள்ள இரண்டு கோணங்களைத் தாளில் வரையுங்கள். ஒன்றின் கோடுகள் விரற்கடை நீளம், இன்னொன்றின் கோடுகள் ஒரு சாண். எது பெரிய கோணம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், பலர் தயங்காமல் சாண் நீளக் கோணத்தைக் காட்டுவார்கள். அதுவரை அவர்கள் அளந்ததெல்லாம் நீளம்தான். பெரியது என்றால் நீளமானது என்றே பழகியிருக்கிறார்கள். இந்த நிலையில் கோணமானியைக் கொடுத்தால் எண்ணைப் படிப்பார்கள், எதை அளக்கிறோம் என்பது பிடிபடாது. கோணமானியைச் சில நாள் பெட்டியிலேயே விட்டுவைப்பது நல்லது.

முதலில் ஒரு பழைய செய்தித்தாள் போதும். ஓரமெல்லாம் கோணல்மாணலாக இருக்கும்படி ஆளுக்கொரு துண்டு கிழித்துக்கொள்ளட்டும். ஒருமுறை மடித்தால் நேரான விளிம்பு ஒன்று கிடைக்கும். அந்த விளிம்பு தன்மேலேயே சரியாகப் படியும்படி இன்னொருமுறை மடித்தால் கிடைக்கும் முனைதான் செங்கோணம். நேர்கோட்டைச் சமமாக இரண்டாகப் பங்கிட்டதால் வந்த முனை அது. இரண்டாம் மடிப்பில் விளிம்பு இம்மியளவு விலகினாலும் முனை கெட்டுவிடும். பிரித்துப் பார்த்தால் நடுவில் நான்கு முனைகள் தெரியும்; ஒன்று குறுகி, பக்கத்தில் உள்ளது அகன்றிருந்தால் மடிப்பு சரியில்லை.

ஒருவர் பஸ் டிக்கெட்டில் மடிக்கட்டும், இன்னொருவர் செய்தித்தாளின் முழுப் பக்கத்தில் மடிக்கட்டும். பிறகு சின்ன முனையைப் பெரிய முனையின்மேல் வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் அச்சாகப் பொருந்தும். நீளத்துக்கும் கோணத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாம் பத்துமுறை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

அடுத்தது கதவு. மூடிய கதவின் அடியை ஒட்டித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோட்டை விட்டுவிடக் கூடாது. கதவைத் திறந்ததும் அது முன்பு நின்ற இடம் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கோணத்தின் ஒரு கை காணாமல் போனதாகப் பிள்ளைகள் குழம்புவார்கள். இப்போது கதவைக் கால்வட்டம் திறந்து, கீலிலிருந்து 20 செ.மீ. தள்ளி உள்ள இடமும், 80 செ.மீ. தள்ளிக் கைப்பிடிப் பக்கம் உள்ள ஓரமும் தரைக்கு மேலே போன வழியை வளைகோடுகளாக வரையுங்கள். உள்வளைவு சுமார் 31 செ.மீ. இருக்கும், வெளிவளைவு சுமார் 126 செ.மீ. தூரம் நான்கு மடங்கு, ஆனால் திரும்பியது ஒரே கதவு, ஒரே அளவு. கோணம் என்பது திரும்பிய அளவு என்பது இங்கேதான் பிடிபடும்.

இனி கடிகாரம். ஒரு தட்டை வைத்து வட்டம் வெட்டி, பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக மடித்து, மறுபடி பாதியாக்கிப் பிரித்தால் பன்னிரண்டு துண்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் 30 டிகிரி. மூன்றாக மடிப்பதுதான் சிரமம். பங்குகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழும்வரை நகர்த்திப் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். இந்த வட்டமே ஒரு கடிகார முகம். மூன்று மணிக்கு முள்களுக்கு நடுவே மூன்று துண்டு, அதாவது 90 டிகிரி. இதில் யாருக்கும் சிக்கல் வராது.

மூன்றரைக்கு? பெரிய முள் 6-இல், சின்ன முள் 3-இல், அதனால் 90 என்பார்கள். பெரியவர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதற்கு அட்டைக் கடிகாரம் உதவாது, அதில் முள்கள் தனித்தனியாகச் சுற்றும். பின்னால் திருகு உள்ள பழைய சுவர்க்கடிகாரத்தைக் கொடுங்கள். மூன்றிலிருந்து மெதுவாகத் திருகினால் பெரிய முள் ஆறுக்கு வரும்போது சின்ன முள்ளும் நகர்ந்து, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்பது தெரியும். காகித வட்டத்தில் அந்த ஒரு துண்டை மட்டும் பாதியாக மடித்தால் 15 டிகிரி. நான்கிலிருந்து ஆறு வரை இரண்டு முழுத் துண்டு, கூடவே ஒரு பாதி: 30, 30, 15. ஆக 75 டிகிரி. சின்ன முள் குட்டை, பெரிய முள் நீளம் என்பதை இந்தக் கணக்கில் எந்தப் பிள்ளையும் கண்டுகொள்வதில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்குப் பிறகு கோணமானியை எடுக்கலாம். அதில் இரண்டு பக்கமிருந்தும் எண்கள் ஓடுவதால் 50-ஐ 130 என்று படிப்பது வழக்கமான பிழை. அப்படிப் படித்த பிள்ளையிடம் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, மடித்த செங்கோணத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும். கோணம் காகிதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியானால் 90-க்கு மேல் எப்படி என்று அதுவே இன்னொரு வரிசை எண்ணைத் தேடும்.