கொசுவலை வழியே தெரியும் மாரியோ

அக்கா மகன் சூப்பர் மாரியோ ஒடிசி ஆடிக்கொண்டிருந்தான். மாரியோ ஒரு சுவரோரம் ஒதுங்கினான். பின்னால் வந்த கேமராவுக்கு நகர இடமில்லாமல் அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாரியோவின் தொப்பியும் தோளும் மெல்ல மங்கி, அவனுக்கு முன்னால் இருப்பது தெரிந்தது. பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டிவிக்கு அருகில் போய்ப் பார்த்தான். "மாமா, இவன் மேல முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்கு!"

அவன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். மாரியோ கண்ணாடிபோல ஆகவில்லை. அவன் உடலின் சில பிக்சல்கள் முழு நிறத்தோடு அப்படியே இருந்தன. மற்றவை அறவே வரையப்படவில்லை. கொசுவலை அடித்த ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஒளியை விடாது, துளை முழுதாக விடும். மூக்கை வலையில் ஒட்டிப் பார்த்தால் கம்பி தெரியும். நாலடி தள்ளி நின்றால் வலை மங்கலான திரையாகி, தெரு தெரியும். கிராபிக்ஸ் துறையில் இந்த உத்திக்குப் பழைய பெயரே வலைக்கதவை வைத்து வந்ததுதான். இப்போது பெரும்பாலும் டிதரிங் என்கிறார்கள்.

1994இல் ஜப்பானில் வெளிவந்த சேகா சாட்டர்ன் விளையாட்டுக் கருவியிலேயே இதற்கென்று ஒரு வசதி இருந்தது. சதுரங்கக் கட்டம்போல ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் வரையும். அந்தக் காலத்து டிவிகள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் குழைத்துக் காட்டியதால், பார்ப்பவர்களுக்கு அது நிழலாகவோ புகையாகவோ தெரிந்தது. இன்றைய சிப்களுக்கு நிறங்களைக் கலப்பது ஒரு வேலையே இல்லை. ஆனாலும் ஏன் இந்த வலை என்பதுதான் கேள்வி.

சிக்கல் கலப்பதில் இல்லை, வரிசையில் இருக்கிறது. திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும், "இதுவரை வரைந்தவற்றில் மிக அருகில் இருப்பது எவ்வளவு தூரத்தில்?" என்று சிப் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதற்கு டெப்த் பஃபர் என்று பெயர். புதிதாக வருவது அதைவிட அருகில் இருந்தால் வரையும், தள்ளி இருந்தால் விட்டுவிடும். இந்தக் கணக்கு இருப்பதால் சுவரை முதலில் வரைந்தாலும் மரத்தை முதலில் வரைந்தாலும் கிடைக்கும் படம் ஒன்றுதான்.

பாதி தெரியும் பொருள் வந்தவுடன் இந்த ஏற்பாடு உடைந்துபோகிறது. மங்கிய சுவரை முதலில் வரைந்து தூரத்தையும் பதிந்துவிட்டால், பின்னால் உள்ள மரம் அங்கே வரையப்படாது. தூரத்தைப் பதியாமல் விட்டால், பிறகு வரும் மரம் சுவருக்கு மேலேயே ஏறிக்கொள்ளும். ஆகவே தொலைவில் இருப்பதை முதலில், அருகில் இருப்பதைக் கடைசியில் என்று அடுக்கி வரைய வேண்டும். வழக்கமாகப் பொருளின் மையத்தை வைத்துத்தான் அடுக்குவார்கள். நீண்ட மதில் ஒன்றின் மையம் தள்ளி இருக்கும், அதன் ஒரு முனையோ கேமராவின் முகத்தில் இருக்கும். அங்கே வரிசை தப்பிவிடும். ஒன்றை ஒன்று ஊடுருவி நிற்கும் இரண்டு பொருள்களுக்குச் சரியான வரிசை என்று ஒன்று கிடையவே கிடையாது.

இதைவிடக் கோரமானது ஒரே உருவத்துக்குள் நடப்பது. விளையாட்டில் வரும் மனித உருவம் வெறும் தோல் மட்டுமல்ல. கண் ஒரு தனி உருண்டை. பல், நாக்கு, சட்டைக்குள் மறைந்த கை எல்லாம் தனித்தனியாக இருக்கும். அந்த உருவத்தை உண்மையான நிறக்கலப்பால் மங்கவைத்தால் கன்னத்தின் வழியே பல் வரிசையும், இமைக்குப் பின்னால் முழு கண் உருண்டையும் தெரியும். வில்லனுக்கு வேண்டுமானால் பொருந்தலாம், கதாநாயகனுக்குப் பொருந்தாது.

வலை இதை எப்படித் தீர்க்கிறது என்பதை ஒரு கணக்கோடு பார்க்கலாம். திரையை நாலுக்கு நாலு பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறோம். கட்டத்தில் உள்ள 16 பிக்சலுக்கும் 0 முதல் 15 வரை ஒரு வரிசை எண். அடுத்தடுத்த எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வராமல் சிதறிக் கிடக்க வேண்டும். இல்லையென்றால் புள்ளிகள் திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிடும். அந்தச் சிதறலுக்கான நல்ல ஒழுங்கை கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1973இல் எழுதினார். கருப்பு, வெள்ளை இரண்டை மட்டும் கொண்டு சாம்பல் நிறங்களை உணர்த்துவதுதான் அன்று அவருக்கு இருந்த கேள்வி. டிஜிட்டல் கேமராக்களில் உள்ள நிற வடிகட்டிக்குப் பெயர் தந்தவரும் அவரே.

கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கும் தூண் முழுதாகத் தெரியட்டும், அரை மீட்டருக்குள் வந்தால் முற்றும் மறையட்டும் என்று வைத்துக்கொள்வோம். தூண் இப்போது 0.9 மீட்டரில் இருக்கிறது. அப்படியானால் 0.4 பங்கு தெரிய வேண்டும். பிக்சலுக்குப் பிக்சல் ஓடும் ஷேடரில் இவ்வளவுதான் எழுத வேண்டியிருக்கிறது:

```
const float b[16] = float[16](
   0.0,  8.0,  2.0, 10.0,
  12.0,  4.0, 14.0,  6.0,
   3.0, 11.0,  1.0,  9.0,
  15.0,  7.0, 13.0,  5.0);
ivec2 p = ivec2(gl_FragCoord.xy) & 3;
if (alpha < (b[p.y * 4 + p.x] + 0.5) / 16.0) discard;
```

`alpha` 0.4 ஆக இருக்கும்போது 0 முதல் 5 வரை எண் கொண்ட ஆறு பிக்சல்கள் தப்பும், பத்து கைவிடப்படும். தப்பிய ஆறும் முழுத் திடமான பிக்சல்கள். தங்கள் தூரத்தை டெப்த் பஃபரில் பதிந்துவிடுகின்றன. கைவிடப்பட்ட பத்தில் எதுவும் நடக்கவில்லை, பின்னால் உள்ளது அங்கே தாராளமாக வரலாம். கலப்பு இல்லை, ஆகவே அடுக்க வேண்டியதும் இல்லை. கலப்பதைப் பார்ப்பவரின் கண் செய்துகொள்கிறது.

பல்லும் கண்ணும் என்ன ஆயின? எந்தப் பிக்சல் தப்பும் என்பதை முடிவு செய்வது திரையில் அதன் இடம் மட்டுமே. கன்னம் ஒரு பிக்சலில் கைவிடப்பட்டால், அதே பிக்சலில் பின்னால் வரும் பல்லும் அதே எண்ணோடு ஒப்பிடப்பட்டு அதே போலக் கைவிடப்படும். கன்னம் தப்பிய இடத்தில் பல் அதற்குப் பின்னால் ஒளிந்துவிடும். துளைக்குப் பின்னால் துளை, கம்பிக்குப் பின்னால் கம்பி. உள்ளே இருப்பது எதுவும் வெளியே வர வழியில்லை. இந்த உத்தியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உருவம் முழுவதற்கும் `alpha` ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் தனித்தனியாக அளந்து மங்கவைத்தால், கன்னத்தைவிடப் பல் சற்றுத் தள்ளி இருப்பதால் அதன் `alpha` கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கன்னம் கைவிட்ட சில பிக்சல்களில் பல் தப்பி எட்டிப் பார்க்கும். கோடோ என்ற இலவச விளையாட்டு எஞ்சினில் `Pixel Dither`, `Object Dither` என்று இரண்டு தேர்வுகள் இருப்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். முதலாவது பிக்சல்வாரித் தூரத்தையும் இரண்டாவது பொருளின் தூரத்தையும் எடுத்துக்கொள்ளும். நீண்ட சுவருக்கு முதலாவது நல்லது. மனித உருவத்துக்கு இரண்டாவதுதான்.

உள்ளே இருப்பதை மறைக்கும் இந்தக் குணமே இரண்டு பொருள்கள் சேரும்போது குறையாகிறது. கேமராவுக்கு முன் ஒரு தூண், அதற்குப் பின்னால் ஓர் அலமாரி, இரண்டும் பாதி மங்கியிருக்கின்றன. உண்மையான கலப்பில் தூணின் வழியே அலமாரி கால் பங்காவது தெரியும். வலையிலோ இரண்டுக்கும் ஒரே கட்டம். அலமாரியில் தப்பிய எட்டு பிக்சல்களும் தூணில் தப்பிய அதே எட்டுக்குப் பின்னால் போய்விடும். தூண் மூடியிருக்கும் பகுதியில் அலமாரி அறவே காணாமல் போகும். தூணுக்கு வெளியே மட்டும் பாதி அலமாரி அந்தரத்தில் நிற்கும்.

ஒரு பொருளுக்குக் கட்டத்தை ஒரு பிக்சல் நகர்த்திவிட்டால் தீர்ந்தது என்று முதலில் தோன்றும். செய்து பார்த்தால் வேறு குழப்பம். பாதி மங்கலில் பேயரின் கட்டம் அச்சு அசலாகச் சதுரங்கப் பலகைதான். ஒரு கட்டம் நகர்த்தினால் கருப்பும் வெள்ளையும் இடம் மாறும். தூணின் துளைகளையெல்லாம் அலமாரி அடைத்துவிடும்; அதற்கும் பின்னால் நிற்கும் கதாநாயகன் தெரியவே மாட்டான். ஒழுங்கான கட்டத்துக்குப் பதில் பொருளுக்குப் பொருள் மாறும் சிதறலைக் கொடுப்பதே வழி. புள்ளிகள் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும், ஆனால் பங்கு ஏறக்குறையச் சரியாக வரும். வேண்டுமென்றே துளைகளை அடைக்கும் இடமும் ஒன்று உண்டு. தொலைவில் உள்ள மரத்தின் எளிய மாதிரியை எடுத்துவிட்டு நுணுக்கமான மாதிரியை வைக்கும்போது, ஒன்று விட்ட பிக்சலை மற்றது சரியாக நிரப்பினால் மரம் குதித்து மாறாமல் மெல்ல மாறும்.

தவறு செய்தால் உடனே தெரிகிற இடம் இன்னொன்று. பல எஞ்சின்கள் நிறம் தீட்டுவதற்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றின் தூரத்தையும் மட்டும் பதிந்துகொள்ளும். `discard` வரி அந்த முதல் சுற்றிலும் இருக்க வேண்டும். மறந்துவிட்டால் துளைகளிலும் தூணின் தூரம் பதிந்திருக்கும். பின்னால் உள்ளது அங்கே வர முடியாது. துளைகளில் வெற்றுப் பின்னணி நிறம் புள்ளி புள்ளியாக நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். `discard` இருக்கும் ஷேடரில், மறைந்திருப்பவற்றை முன்கூட்டியே தள்ளிவிடும் சிப்பின் வசதியும் பலவீனப்படும். கைபேசிகளில் இந்தச் செலவு அதிகம். அதனால் மங்கும் சமயத்தில் மட்டும் அந்த ஷேடருக்கு மாறிக்கொள்வது நல்ல பழக்கம்.

வலையின் வரம்பு திரையில் இருக்கிறது. பிக்சல் சிறியதாக இருந்தால் கண் ஏமாறும். குறைந்த தெளிவில் வரைந்து பெரிய டிவிக்கு இழுத்து நீட்டினால் துளைகளும் சேர்ந்து பெரிதாகும். வீடியோவாகப் பதிந்தால் சுருக்கும் மென்பொருள் இந்த நுண்புள்ளிகளைக் குதறி, அழுக்குத் திட்டுகளாக ஆக்கிவிடும். கண்ணாடி, புகை, தண்ணீர் போன்றவற்றுக்கு வலை சரிப்படாது. அவை எப்போதும் கண்முன் இருக்கும், நிதானமாக உற்றுப் பார்க்கப்படும். கேமராவை மறைக்கும் தூண் அரை நொடி மங்கி விலகும் பொருள். அந்த நேரத்தில் ஆடுபவரின் கண் தூணில் இருக்காது, கதாநாயகன் மேல் இருக்கும்.

அடுத்த முறை ஏதாவது விளையாட்டில் சுவர் உங்களுக்காக மங்கி வழிவிட்டால், தரையைப் பாருங்கள். சுவர் போனாலும் அதன் நிழல் அப்படியே கிடந்தால், அதைச் செய்தவர்கள் கவனமாகச் செய்திருக்கிறார்கள். நிழலைத் தனியாக வரையும் சுற்றில் `discard` வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், கேமரா நெருங்கும் ஒவ்வொரு முறையும் அறைக்குள் வெயில் பாயும்.