ஒன்றும் செய்யாமல் இருப்பதன் விலை

நாளொன்றுக்கு நூறு நோயாளிகள் வந்து செல்லும் சிறு மருத்துவமனை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அங்கே நோயாளர் விவரங்கள் காகித அட்டைகளில் எழுதப்பட்டு அறை ஒன்றில் அடுக்கப்படுகின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றலாமா என்பது நிர்வாகத்தின் முன்னுள்ள வினா.

முதலில் செலவைக் காண்போம். கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் ரூ.4,50,000, ஊழியர் பயிற்சிக்கு ரூ.90,000, பழைய அட்டைகளைப் பதிவேற்ற ரூ.1,50,000 என மொத்தம் ரூ.6,90,000 ஆகிறது. விலைப்பட்டியலில் இடம்பெறாத இறுதிச் செலவையே பலரும் மறந்துவிடுகின்றனர். இவற்றோடு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ரூ.60,000 வேண்டும்.

இனி நன்மை. பட்டியலில் விடுபட்டுப்போன கட்டணங்கள் வசூலாவதால் ரூ.1,80,000, மிகைநேர ஊதியம் குறைவதால் ரூ.72,000, அட்டை அச்சிடும் செலவு குறைவதால் ரூ.48,000 என ஆண்டுக்கு ரூ.3,00,000 கிடைக்கும். எழுத்தருக்கு நாளும் ஒரு மணி நேரம் மிச்சமாகும் என்பதையும் சிலர் பணமாக்கிச் சேர்ப்பர். அவருடைய ஊதியம் குறையாதவரை அது கையில் வரும் பணமன்று.

பராமரிப்பைக் கழித்தால் ஆண்டு நிகர நன்மை ரூ.2,40,000. போட்ட முதல் முழுவதும் திரும்பி வர ஆகும் காலமே மீட்புக் காலம். ரூ.6,90,000-ஐ ரூ.2,40,000-ஆல் வகுத்தால் மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே விடை வரும். ஆனால் ஊழியர் பழகும் முதலாண்டில் பாதி நன்மையே கிட்டும். பராமரிப்புச் செலவோ குறையாது. எனவே அவ்வாண்டில் மீள்வது ரூ.90,000 மட்டுமே. எஞ்சிய ரூ.6,00,000 மீள மேலும் இரண்டரை ஆண்டுகள் தேவை. ஆக, மீட்புக் காலம் மூன்றரை ஆண்டுகள்.

மாற்றமே செய்யாவிட்டால் செலவு இல்லை என்று தோன்றலாம். அது சரியன்று. அட்டை அறை இவ்வாண்டோடு நிரம்பிவிடும். அடுத்த ஆண்டு முதல் மாதம் ரூ.5,000 வாடகையில் மற்றோர் அறை வேண்டும். கணினி வந்தால் ஆண்டுக்கு ரூ.60,000 ஆகும் அவ்வாடகை தேவைப்படாது. அதனைச் சேர்த்தால் இரண்டாம் ஆண்டிலிருந்து நிகர நன்மை ரூ.3,00,000 ஆகி, மீட்புக் காலம் மூன்று ஆண்டுகளாகக் குறைகிறது. புதிய திட்டத்தை இன்றைய நிலையோடு ஒப்பிடுதல் போதாது. இன்றைய முறை தொடர்ந்தால் நாளை நேரும் நிலையோடு ஒப்பிட வேண்டும்.

இக்கணக்கின் வலுவற்ற இடம் விடுபட்ட கட்டணம் பற்றிய மதிப்பீடு. அதில் பாதியே வசூலானால் மீட்புக் காலம் நான்கு ஆண்டுகளைக் கடந்துவிடும். கணினிகளை ஐந்து ஆண்டுகளில் மாற்ற நேரிடும் எனில், அதன்பின் ஆதாயம் ஈட்ட ஓராண்டுகூட எஞ்சாது. ஆகவே ஒப்பந்தத்திற்கு முன்பே ஒரு மாதத்து அட்டைகளை வசூல் பட்டியலோடு ஒப்பிட்டு, உண்மையில் எவ்வளவு விடுபடுகிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒவ்வாத மருந்து பற்றிய குறிப்பு உரிய நேரத்தில் மருத்துவரின் கண்ணில் படுவது இக்கணக்கில் எங்கும் இல்லை. அதற்குப் பொய்யாக ஒரு தொகை இடாமல், முன்மொழிவில் தனியே எழுதி வைப்பதே முறை.