எத்தனை காரணிகள்? என்ன பெயர்?

ஆய்க்குடியில் ஆசிரியராகப் பணியாற்றும் நான், செயல் ஆராய்ச்சி அறிக்கைகளில் அடிக்கடி காணும் வரி இது: "ஐகன் மதிப்பு 1-க்கு மேல் உள்ள காரணிகளை எடுத்துக்கொண்டேன்." கெய்சரின் இவ்விதி தேவைக்கு அதிகமான காரணிகளைத் தந்துவிடும். 20 வினாக்களுக்கு 200 மாணவர்கள் பகடை உருட்டி விடையளித்தாலும், ஐகன் மதிப்புகளில் ஏறக்குறையப் பாதி 1-ஐத் தாண்டும்.

இதற்கு மாற்று, ஹார்ன் 1965இல் முன்வைத்த இணைப் பகுப்பாய்வு. நம் தரவின் அதே அளவில் தற்செயல் தரவுகளைக் கணினியில் பலமுறை உருவாக்கி, அவற்றின் சராசரி ஐகன் மதிப்புகளை நம்முடையவற்றோடு வரிசைப்படி ஒப்பிட வேண்டும். தற்செயலை மிஞ்சும் காரணிகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சிய காரணி ஒவ்வொன்றும் ஒரு மனப்பண்பு என்று கொள்ள முடியாது. ரோசன்பெர்க்கின் தன்மதிப்பு அளவுகோலில் 10 கூற்றுகள். 5 நேர்மறை, 5 எதிர்மறை. பல ஆய்வுகளில் இவை இரு காரணிகளாகப் பிரிந்துள்ளன. "தன்மதிப்பு", "தாழ்வு மனப்பான்மை" என்று பெயரிடத் தோன்றும். ஆனால், அவற்றைப் பிரித்தது வாக்கிய அமைப்பாகவே இருக்கலாம்.

எனவே பெயரிடும் முன், அதிகச் சுமையுள்ள கூற்றுகளைச் சேர்த்துப் படியுங்கள். எதிர்மறை வாக்கியங்கள் மட்டுமே ஒரே காரணியில் திரண்டிருந்தால் "எதிர்மறைக் கூற்றுகள்" என்றே எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலில் "தாழ்வு மனப்பான்மை" என்று எழுதிவிட்டால், அது அந்த மாணவரின் மீது ஒட்டிக்கொள்ளும்.