புல்லட் 350-இல் 350 இல்லை

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வைத்திருப்பவர் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால், சிசி என்ற இடத்தில் 349 என்று இருக்கும். விடுபட்ட ஒரு சிசி எங்கே போயிற்று? இரண்டு அளவுகளும் ஒரு பெருக்கலும் தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே அது போய் நிற்கும் புள்ளியிலிருந்து கீழே இறங்கி நிற்கும் புள்ளி வரை எவ்வளவு இடத்தை விலக்குகிறதோ, அதுதான் சிசி, அதாவது கன சென்டிமீட்டர். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பெட்ரோல் தீப்பிடிப்பது அங்கேதான். ஆனால் அந்த இடம் சிசி கணக்கில் சேராது. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

வேண்டிய அளவுகள் இரண்டே. சிலிண்டரின் உள்விட்டத்துக்கு போர் என்று பெயர். பிஸ்டன் ஒருமுறை பயணம் செய்யும் தூரம் ஸ்ட்ரோக். சிலிண்டரின் நீளத்தை அளந்து அதை ஸ்ட்ரோக் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; சிலிண்டர் எப்போதும் அதைவிட நீளமாகவே இருக்கும்.

இன்றைய புல்லட்டின் போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. விடை கன சென்டிமீட்டரில் வேண்டும் என்பதால் முதலில் இரண்டையும் சென்டிமீட்டராக்க வேண்டும்: 7.2, 8.58. போரை அதனாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும். இந்த 0.7854 வேறொன்றுமில்லை, பள்ளியில் படித்த பையின் கால் பங்கு. பரப்பை ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் வேலை முடிந்தது.

0.7854 × 7.2 × 7.2 × 8.58 = 349.3

தசமத்தை விட்டுவிட்டால் 349.

ஸ்ட்ரோக் ஒரே ஒருமுறை பெருக்கப்படுகிறது. போரோ இரண்டு முறை. அதனால் போரில் செய்யும் சின்ன மாற்றம்கூட விடையில் பெரிதாகத் தெரியும். ஸ்ட்ரோக்கை 0.1 மி.மீ. கூட்டினால் இந்த இன்ஜின் 349.7 சிசி ஆகும். அதே 0.1 மி.மீ.யைப் போரில் கூட்டினால் 350.3!

இந்த வித்தியாசம் கணக்கு நோட்டோடு முடிவதில்லை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே 350 சிசியைத் தாண்டிய மோட்டார் சைக்கிள்களுக்கு 3 சதவீதம் கூடுதல் செஸ் விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு வரி 18 சதவீதம், அதற்கு மேல் போனால் 40. போர் 72.1 மி.மீ.யாக இருந்தால் இதே புல்லட் 40 சதவீத வரிசையில் போய் நிற்கும்.

சிலிண்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால், ஒன்றுக்குக் கணக்குப் போட்டு எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். இன்டர்செப்டர் 650-க்கு இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றின் போரும் 78 மி.மீ., ஸ்ட்ரோக் 67.8. ஒரு சிலிண்டருக்கு 324 சிசி, இரண்டுக்கும் சேர்த்து 648. பழைய மாருதி 800-இல் மூன்று சிலிண்டர், 68.5, 72 மி.மீ. என்ற அளவுகளை வைத்துப் பெருக்கினால் 796 வரும். பெயரில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் இப்படி முழுமையாக்கப்பட்டவைதான்.

விடை நான்கு மடங்காக வந்தால், ஆரம் கேட்கும் சூத்திரத்தில் விட்டத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆயிரம் மடங்காக வந்தால் மி.மீ.யை மாற்ற மறந்திருக்கிறீர்கள்.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுக்கு போர் 70, ஸ்ட்ரோக் 90, அதாவது 346 சிசி. அந்த வண்டி பல வருடம் ஓடி, சிலிண்டர் தேய்ந்து, நீலப்புகை தள்ளி, ஆயில் குடிக்கத் தொடங்கினால் மெக்கானிக் அதை போரிங் பட்டறைக்கு அனுப்புவார். தேய்மானம் ஒரே சீராக இருக்காது. மேலே பிஸ்டன் ரிங் திரும்பும் இடத்தில்தான் அதிகம். அதனால் போர் கேஜை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக வைத்து அளக்க வேண்டும். பிறகு சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள்.

அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் என்றால் போர் 70.5 ஆகிறது, சிசி 351. ஒரு மில்லிமீட்டர் போனால் 356. ஐந்து பத்து சிசி கூடியதால் வண்டி பறக்கப்போவதில்லை. தேய்மானத்தால் போன கம்ப்ரஷன் திரும்புவதுதான் உண்மையான லாபம். பழைய புல்லட் வாங்கப் போகிறவர் ஆர்.சி.யில் உள்ள 346-ஐ மட்டும் நம்பாமல், எத்தனை முறை போர் செய்தது, எந்த சைஸ் பிஸ்டன் உள்ளே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. கடைசி ஓவர்சைஸ் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், அடுத்த தடவை சிலிண்டருக்கே செலவு வைக்க வேண்டியிருக்கும்.