உராய்வு என்று சொன்னது யார்?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேப்பர் படிப்பவர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். பட்டாசு ஆலையில் வெடி விபத்து, மருந்து கலக்கும்போது உராய்வு, இத்தனை பேர் பலி, முதல்வர் இரங்கல், நிவாரணம். இப்படிப்பட்ட செய்திகளைச் சேர்த்து, அவை எதைச் சொல்கின்றன, எதை விடுகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே உள்ளடக்கப் பகுப்பாய்வு. எண்ணுவதற்குமுன் எதை எண்ணுவது என்று ஒரு சட்டகம் போட வேண்டும். பட்டாசு விபத்தைப் பொறுத்தவரை அந்தச் சட்டகத்தில்தான் தவறு நேர்கிறது.

முதலில் செய்திகளைத் திரட்ட வேண்டும். ஆண்டு முழுவதிலும் இருந்து அங்கொரு நாள், இங்கொரு நாள் என்று பேப்பர் எடுப்பது பொதுவான வழக்கம். விபத்துகள் அப்படிச் சீராகப் பரவி நடப்பதில்லை என்பதால் அந்த முறை இங்கே உதவாது. ஒவ்வொரு விபத்தையும் ஓர் அலகாக வைத்து, முதல் நாளில் தொடங்கி ஒரு மாதம் வரை வந்ததையும், பின்னாளில் வந்த வழக்குச் செய்தியையும் தேட வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் விபத்து எண் கொடுத்தால்தான் ஒரே விபத்து பத்து விபத்தாகக் கணக்கில் ஏறாது. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த விபத்தில் பலி எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. முதல் நாள் செய்தியை மட்டும் எடுத்தவர் கையில் குறைந்த எண்ணிக்கைதான் இருக்கும்.

அடுத்தது சட்டகம். பலரும் "காரணம்" என்று ஒரே கட்டம் போட்டு உராய்வு, மின்னல், கவனக்குறைவு, மற்றவை என்று பிரித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கிடைக்கும் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான்: பெரும்பாலும் உராய்வு. அந்தக் காரணத்தைச் சொன்னவர் யார் என்பது அதில் பதிவாகவே இல்லை. இந்தக் கட்டத்தை மூன்றாக உடைக்க வேண்டும். எது வெடிக்க வைத்தது என்பது ஒன்று. அதைச் சொன்னது போலீசா, உயிர் பிழைத்த தொழிலாளியா, விசாரணை அதிகாரியா, அல்லது யார் சொன்னதென்றே செய்தி குறிப்பிடவில்லையா என்பது இன்னொன்று. அத்தனை பேர் அங்கே இருந்தது ஏன் என்பது மூன்றாவது. உள்குத்தகை, அனுமதித்ததற்கு மேல் ஆள், மரத்தடியில் வேலை, உரிமம் இல்லாமை எல்லாம் இந்த மூன்றாவதில் வரும்.

உதாரணத்துக்கு, "மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வால் தீப்பற்றியதாகப் போலீசார் தெரிவித்தனர்" என்ற வழக்கமான வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் உராய்வு, இரண்டாவதில் போலீஸ், மூன்றாவதில் "குறிப்பு இல்லை" என்று எழுத வேண்டும். அந்த "குறிப்பு இல்லை" என்பதும் ஒரு பதிவுதான். காலியாக விட்டால் கணக்கிலேயே வராது. இப்படி இல்லாததை எண்ணியதற்கு வேறொரு துறையில் முன்மாதிரி உண்டு. 2016 ஜூன் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டின் ஒன்பது நாளிதழ்களில் வந்த 1,681 தற்கொலைச் செய்திகளை ஆராய்ந்தவர்கள் உலக சுகாதார நிறுவன வழிகாட்டியைச் சட்டகமாக வைத்தார்கள். உதவி மையத் தொடர்பு விவரம் வெறும் 2.5 சதவீதச் செய்திகளில்தான் இருந்தது. இருக்க வேண்டியது எது என்று முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் இல்லாதது கண்ணில் பட்டது. பட்டாசுக்கு அந்த அளவுகோலாக 2008 வெடிபொருள் விதிகள் இருக்கின்றன.

இரண்டு பேர் தனித்தனியே குறித்துப் பார்க்காமல் எந்தச் சட்டகத்தையும் நம்பக் கூடாது. நூறு செய்திகளில் இருவரும் ஆளுக்கு 80-ஐ "உராய்வு" என்று குறித்து, 80 செய்திகளில் ஒத்துப்போகிறார்கள் என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கும் உராய்வே நிறைந்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 68-ல் ஒத்துப்போக வாய்ப்புண்டு. மீதமுள்ள 32-ல் உண்மையாகச் சேர்ந்தது 12 தான். கப்பா என்ற அளவில் அது 0.375. குறைந்தது 0.7 வேண்டும் என்பதால் குறிக்கும் விதியைத் திருத்தி மறுபடி குறிக்க வேண்டும்.

விபத்தன்று மாலைக்குள் போலீஸ் சொல்வதைத் தவிர வேறு தகவல் கிடைப்பதில்லை என்பார்கள் நிருபர்கள். அது நியாயம்தான். ஆனால் முப்பதாம் நாளுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் 38 பேர் இறந்தார்கள். முதலில் பிடித்த தீயைப் பார்க்கவும் அணைக்கவும் ஓடிவந்தவர்களே அவர்களில் பலர். ஆலைக்குள் வேலை செய்யாதவர்கள் இறந்ததற்கு உராய்வு என்ற ஒற்றைச் சொல் எப்படி விளக்கமாகும்?

விருதுநகர் மாவட்ட முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். விபத்து வழக்குகளின் செய்தி அங்கிருந்து வரும்போது அதில் "வெடி விபத்து" என்ற சொல்லே இல்லாமல் போகலாம். தலைப்பில் தண்டனை மட்டும் இருக்கும். விபத்து என்ற சொல்லை வைத்துத் தேடுபவருக்கு அது அகப்படாது. ஆகவே தேடல் சொற்களில் வழக்கும் தீர்ப்பும் விடுதலையும் இருக்க வேண்டும். அப்போதுதான் எத்தனை விபத்துக்கு முதல் நாள் காரணமே கடைசிக் காரணமாக நின்றுவிட்டது என்று எண்ணிக் காட்ட முடியும். அந்த எண்ணிக்கையைத்தான் பத்திரிகைகளின் முன் வைக்க வேண்டும்.